காகிதக் கூட்டுக்கு எந்த பல்பு? சுவரில் நிழல் விழவைக்க மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

சார்ட் அட்டையில் மயிலும் மாவிலையும் வெட்டி, பெட்டியாக ஒட்டி, உள்ளே வீட்டில் இருக்கும் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டால் பெரும்பாலும் கூடு மட்டும்தான் அழகாக இருக்கும். சுவரில் மயில் வராது. சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்தான் தெரியும். வெட்டு சரியில்லை என்று இன்னும் நுணுக்கமாக வெட்டினால் நிலைமை மோசமாகும். குறை வெட்டில் இல்லை, பல்பில் இருக்கிறது. அதனால் காகிதம் வாங்கும் முன் பல்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடிவம், அளவு, அட்டை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. ஒன்று, பால் நிற மூடி போட்ட சாதாரண எல்இடி. இரண்டு, தெளிந்த கண்ணாடிக்குள் மஞ்சள் குச்சிகள் நிற்கும் ஃபிலமென்ட் எல்இடி. மூன்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலுமினியத் தட்டோடு விற்கும் ஒற்றைச் சிப் எல்இடி. பவர் எல்இடி, ஸ்டார் எல்இடி என்று கேட்டால் தருவார்கள். பழைய குண்டு பல்பு இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அது தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறும். காகிதத்துக்குள் 40 வாட், 60 வாட் குண்டு பல்பை மணிக்கணக்கில் எரியவிடுவது வேண்டாத வேலை, அதனால் அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அகல், மெழுகுவர்த்தியும் அப்படியே.

துளை பெரிதா, ஒளி பெரிதா

ஒரு துளை வழியாக வரும் ஒளி சுவரில் எவ்வளவு கூர்மையாக விழும் என்பதற்கு ஒரே கேள்வி போதும்: துளையிலிருந்து திரும்பிப் பார்த்தால் ஒளிரும் பகுதி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது? பால் நிற பல்பில் மூடி முழுவதும் ஒளிர்கிறது, அதன் விட்டம் சுமார் 6 செ.மீ. மூடியின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒரு மாவிலையைச் சுவரில் வரைகிறது. அத்தனை மாவிலைகளும் சற்றே தள்ளித் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால்தான் கலங்கல்.

கணக்காகவே பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி அறையின் நடுவில் கூடு தொங்குகிறது. பல்பிலிருந்து சுவர் 150 செ.மீ., காகிதம் 15 செ.மீ. காகிதத்தில் உள்ளது சுவரில் 10 மடங்காகும். 3 செ.மீ. துளை 30 செ.மீ. படமாக விழும். விளிம்பின் கலங்கல் அகலத்தைக் காண, ஒளியின் அகலத்தை, காகிதத்திலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தால் பெருக்கி, பல்பிலிருந்து காகிதம் வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். பால் நிற பல்புக்கு 6 × 135 ÷ 15, அதாவது 54 செ.மீ. முப்பது செ.மீ. படத்துக்கு ஐம்பத்து நான்கு செ.மீ. கலங்கல் என்றால் படம் எங்கே நிற்கும்?

கூட்டைப் பெரிதாக்கினால் சரியாகாதா என்று தோன்றும். காகிதத்தை 20 செ.மீ.க்குத் தள்ளினால் கலங்கல் 39 செ.மீ. ஆகக் குறையும், ஆனால் அதே துளையின் படமும் 22 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை. சுவர் தொலைவில் இருக்கும்வரை, கலங்கலுக்கும் படத்துக்கும் உள்ள விகிதம் ஒளியின் அகலத்துக்கும் துளையின் அகலத்துக்கும் உள்ள விகிதம்தான். படம் ஓரளவு அடையாளம் தெரிய துளை ஒளியைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கூர்மையாக விழ மூன்று மடங்கு. பால் நிற பல்புக்கு அப்படிப் பார்த்தால் 18 செ.மீ. துளை வேண்டும். 30 செ.மீ. கூட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்று வெட்டலாம், அவ்வளவுதான். பெரிய கூடு செய்வதில் ஒரே லாபம், பெரிய துளைகளுக்கு இடம் கிடைப்பது.

துளை ஒளியைவிடச் சிறிதானால் என்ன ஆகும் என்பது கீற்றுக் கொட்டகையில் பகலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஓலையில் உள்ள ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். அது சூரியனின் வட்டம். கூட்டிலும் அதேதான் நடக்கும். 2 மி.மீ. அளவில் சிரமப்பட்டு நட்சத்திரம் வெட்டினாலும் சுவரில் நட்சத்திரம் வராது. ஃபிலமென்ட் பல்பாக இருந்தால் அதன் குச்சிகள் தலைகீழாக நான்கு கோடுகளாகத் தெரியும்.

பால் நிற பல்பு: நிழலுக்கு அல்ல, கூட்டுக்கு

இந்த பல்புதான் வீட்டில் இருக்கிறது, மாற்ற மனமில்லை என்றால் சுவரை மறந்துவிட்டு கூட்டையே பார்க்கும் பொருளாகச் செய்யலாம். கிறிஸ்துமஸ் ஸ்டார் அப்படித்தான் வேலை செய்கிறது. துளைகளுக்குப் பின்னால் வண்ணத்தாள் ஒட்டியிருக்கும், ஸ்டாரே ஒளிரும், சுவரில் ஏதும் விழ வேண்டிய அவசியம் இல்லை. இலங்கையின் வெசாக் கூட்டுக்கும் இதே முறை. மெல்லிய தாள் ஒளியைச் சிதறடிப்பதுதான் அங்கே அழகு. பால் நிற பல்பு அதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் தாளின் எல்லாப் பகுதியும் சீராக ஒளிரும்.

இதே பல்பை நிழலுக்குப் பழக்க இரண்டு குறுக்கு வழிகளை முயல்வார்கள், இரண்டும் உதவாது. முதல் வழி, மூடியை அலுமினிய ஃபாயிலால் சுற்றி நடுவில் 1.5 செ.மீ. துளை விடுவது. ஒளி வரும் பரப்பு சுமார் பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதுவும் கீழ்நோக்கியே போகும். சுவர் இருண்டுபோகும். இரண்டாவது வழி, பால் நிற மூடியைக் கழற்றிவிடுவது. இது ஆபத்து. உள்ளே வட்டமாக வைத்த பல சிப்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு படம் போடும் என்பது சின்ன விஷயம். பெரும்பாலான மலிவு பல்புகளில் மெயின் மின்சாரம் அந்தத் தட்டு வரை நேரடித் தொடர்பில் வருகிறது, மூடிதான் கைக்கும் அதற்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு. காகிதக் கூட்டைச் சரிசெய்யப் போகும் விரல் அங்கேதான் படும்.

பூஜ்ய வாட் எனப்படும் இரவு பல்புகளும் பால் நிற மூடியோடு வந்தால் இதே கதைதான், வெளிச்சமும் போதாது.

ஃபிலமென்ட் எல்இடி: நீளவாக்கில் ஒரு விதி, குறுக்குவாக்கில் வேறு விதி

நான்கு சுவரிலும் நிழல் வேண்டும், ஹோல்டரில் நேராகப் போட்டு சுவிட்சைத் தட்டினால் போதும் என்றால் இதுதான். 4 வாட் போதுமானது, கண்ணாடி லேசாகச் சூடாகுமே தவிர கருக்காது. எல்லாப் பக்கமும் ஒளி போகும். ஆனால் இதன் குணத்தைப் புரிந்துகொண்டு வடிவம் வரைய வேண்டும்.

குச்சி ஒவ்வொன்றும் 3 முதல் 4 செ.மீ. உயரம், ஆனால் தடிமன் ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே. பக்கவாட்டில் இருந்து பார்க்கும் துளைக்கு இது உயரமான, மிக ஒல்லியான ஒளி. அதனால் கலங்கல் மேலும் கீழும் நிறைய, இடமும் வலமும் குறைவு. நம் அறையில் மேல்-கீழ் கலங்கல் 3.5 × 9, சுமார் 31 செ.மீ.; ஒரு குச்சியின் பக்கவாட்டுக் கலங்கல் 2 செ.மீ.கூட இல்லை. ஆனால் குச்சிகள் நான்கு. அவை 2 செ.மீ. அகலத்துக்குள் பரவி நிற்பதால் சுவரில் 18 செ.மீ.க்குள் நான்கு படங்கள் தள்ளித் தள்ளி விழும்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பல்பை எரியவிட்டு அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு விரலை நிமிர்த்திப் பிடித்தால், சற்றுத் தொலைவில் உள்ள சுவரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சில விரல்கள் தெரியும், ஓரங்கள் தெளிவாக இருக்கும். அதே விரலைப் படுக்கவைத்தால் நிழல் மங்கலான ஒரு பட்டையாகக் கரைந்துவிடும். பால் நிற பல்பில் எப்படிப் பிடித்தாலும் விரல் தெரியாது. இரண்டு குச்சி உள்ள பல்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், படங்கள் குறையும். சுருள் குச்சி போட்ட, தேன் நிறக் கண்ணாடி பல்பு பார்க்க அழகு, ஆனால் சுருள் எல்லாத் திசையிலும் கலங்கலைக் கொடுக்கும்.

இதிலிருந்து வடிவத்துக்கு வரலாம். நின்ற வடிவங்கள் நன்றாக விழும்: தொங்கும் மாவிலை, தென்னந்தோரணத்தின் கீற்று, மூங்கில் இலை. படுத்த வடிவங்கள் விழாது. பொங்கலுக்குக் கரும்பு வெட்டலாம் என்று தோன்றும். தண்டு அழகாக விழும், ஆனால் குறுக்கே 3 மி.மீ. விட்டு வைத்த கணுக்கள் சுவரில் காணாமல் போகும். கணு தெரிய வேண்டுமானால் குறுக்குப் பட்டை 3 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும், அப்போது அது கரும்பாகவே இருக்காது.

இந்தக் குறையே ஓர் உதவியும் ஆகிறது. நீளமான துளையை அட்டையில் வெட்டினால் இரு பக்கமும் தளர்ந்து வளையும். அதைப் பிடித்துக்கொள்ள இடையில் பாலம் விட வேண்டும், பாலம் படத்தைக் கெடுக்கும் என்பதுதான் வழக்கமான கவலை. ஃபிலமென்ட் பல்பில் பாலங்களை எல்லாம் குறுக்குவாக்கில் 3 மி.மீ. அகலத்தில் விட்டால் அவற்றின் நிழல் பத்தில் ஒரு பங்கு இருளுக்கு மேல் வராது. கூட்டில் தெரியும் பாலம் சுவரில் தெரியாது. நிமிர்ந்த பாலம் விட்டால் மட்டும் அது கோடு கோடாகத் தெரிந்துவிடும்.

துளையின் அகலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 5 மி.மீ.க்குக் குறைவான கீறல் சுவரில் நான்கு தனிக் கோடுகளாகப் பிரியும். அது ஒரு வகையில் அழகுதான், தெரிந்து செய்தால். 3 செ.மீ. அகலம் இருந்தால் நான்கும் ஒன்றோடொன்று கலந்து ஒரே இலையாகும், ஓரத்தில் மட்டும் படி படியாக மங்கும்.

ஒற்றைச் சிப்: கூர்மை உண்டு, திசை ஒன்றுதான்

1 வாட் ஸ்டார் எல்இடியில் ஒளி வரும் இடம், மேலுள்ள சிறு குமிழோடு சேர்த்துப் பார்த்தாலும், இரண்டு மூன்று மி.மீ. அளவுதான். அதனால் 1 செ.மீ. துளைகூட விளிம்பு தெரிய விழும். மயில், எழுத்து, கோலம் என்று எதையும் வெட்டலாம். கைப்பேசியின் டார்ச்சும் இதே அளவு ஒளிதான். எல்இடி வாங்கும் முன் கைப்பேசியைக் குப்புற வைத்து, மேலே அட்டையைப் பிடித்துப் பார்த்தாலே விளைவு தெரிந்துவிடும்.

குறை என்னவென்றால் சிப் தன் முகத்துக்கு நேரேதான் அதிக ஒளியை அனுப்பும். பக்கவாட்டில் போகப் போகக் குறைந்து, தட்டின் மட்டத்தில் ஏதுமில்லை. கூட்டுக்குள் மேல் நோக்கி வைத்தால் நான்கு சுவரும் இருட்டு, கூரை மட்டும் பளிச். அதனால் இதைத் தொங்கும் கூட்டுக்குப் போடாமல், ஸ்டூலில் வைத்து மேல் மூடியில் மட்டும் வெட்டிய பெட்டியாகச் செய்வதே புத்திசாலித்தனம். நிழலைத் தாங்குவது கூரை.

சிறுவர்கள் கை படும் இடத்துக்கு இது நல்லது, 5 வோல்ட் கைப்பேசி சார்ஜரிலேயே எரியும். வெள்ளை எல்இடிக்கு சுமார் 3.2 வோல்ட் போதும், மீதி 1.8 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 6.8 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை ஒரு வயரில் தொடராகச் சேர்த்தால் மின்னோட்டம் 260 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் எல்இடி ஒரு நொடி பளிச்சிட்டு அணையும். அடியில் உள்ள ஸ்டார் தட்டு மட்டும் சூட்டைத் தாங்காது. உள்ளங்கையில் பாதி அளவு அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள். 220 வோல்ட் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ப மாற்றும் டிரைவரோடு வரும் 3 வாட் வகை இன்னும் பிரகாசம், ஆனால் மலிவு டிரைவர்களின் வெளியீட்டு வயரும் மெயினோடு தொடர்பில் இருக்கலாம். திறந்த காகிதப் பெட்டிக்குள் அதை வைக்காமல் இருப்பது நல்லது.

ஒளி குறைவுதான். மற்ற விளக்குகள் எரியும்போது ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் அணைத்து இரண்டு நிமிடம் கண் பழகினால் கூரையில் கோலம் தெளிவாக நிற்கும்.

பெட்டியா, உருளையா

ஃபிலமென்ட் பல்பு என்று முடிவானால் அடுத்த கேள்வி இதுதான். உருளை செய்வது எளிது, ஒரு நீளத் துண்டைச் சுற்றி ஒட்டினால் முடிந்தது. ஆனால் வளைந்த காகிதத்திலிருந்து தட்டையான சுவருக்குப் போகும் படம் மூலைகளை நெருங்க நெருங்க இழுபடும். சுவரின் நடுவில் உள்ள இலையோடு ஒப்பிட்டால், மூலையில் விழும் அதே இலை பக்கவாட்டில் இரண்டு மடங்காக விரிந்திருக்கும்.

சதுரப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் பக்கம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை, தட்டையான காகிதத்திலிருந்து தட்டையான சுவருக்கு எல்லா இடத்திலும் ஒரே பெருக்கம். வரைந்தது வரைந்தபடியே விழும். கூடுதலாக, பக்கங்கள் 30 செ.மீ. அகலமும் அறை 300 செ.மீ. அகலமும் என்றால் ஒவ்வொரு பக்கமும் தன் சுவரை மூலைக்கு மூலை நிரப்பும். பெட்டிக்கே எங்கள் ஓட்டு. பெட்டி கோணலாகத் திரும்பினால் மட்டும் எல்லாம் சாய்ந்து விழும், அதனால் ஒற்றை நூலில் தொங்கவிடாமல் இரண்டு முனைகளில் கட்டி நிறுத்துங்கள்.

மாவிலைப் பெட்டி

உயரம் 27 செ.மீ. என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. சார்ட் அட்டை 22 × 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 56 × 71 செ.மீ. அகலத்தை இரண்டாகப் பிரித்தால் 27 செ.மீ. உயரமுள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் 30 செ.மீ. பக்கங்கள் இரண்டும் 1.5 செ.மீ. ஒட்டு மடிப்பும் சேர்ந்து 61.5 செ.மீ. ஆகும். ஒரே சார்ட்டில் நான்கு பக்கமும் முடிந்துவிடும். உயரத்தை 30 செ.மீ. ஆக்கினால் இரண்டாவது சார்ட் வாங்க வேண்டும்.

ஒற்றை வெள்ளை சார்ட் போதாது. ஒளி அதை ஊடுருவி, தாள் முழுவதும் மங்கலாக ஒளிரும். சுவரில் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அந்த ஒளி நிரப்பிவிடும். உள்பக்கம் வெள்ளையாக இருப்பதும் கெடுதல். பல்பின் ஒளி உள்சுவர்களில் பட்டுத் திரும்பி, துளைகள் வழியாக எல்லாத் திசையிலும் கசியும். எனவே வெளியே விருப்பமான நிறம், உள்ளே கறுப்பு என்று இரண்டு சார்ட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த பசை அட்டையை வளைத்துவிடும். பசைக் குச்சி அல்லது இருபக்க டேப் போதும். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே போஸ்டர் கலர் கறுப்பு அடிப்பதும் இதே வளைவைத்தான் கொண்டுவரும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து இலைகள். ஒவ்வோர் இலையும் நடுவில் 3 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், இடைவெளி 2.5 செ.மீ. பக்கத்தின் நடு உயரத்தில் வரிசையாக வரையுங்கள். சுவரில் இது 30 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள ஐந்து இலைகளாகும்; நுனிகள் மெல்லக் கரையும். வெட்டி எடுத்த பரப்பு பக்கத்தில் ஏழில் ஒரு பங்குதான், அதனால் இருளில் ஒளி இலைகளாகத் தெரியும். இன்னும் நிறைய வெட்டி, பரப்பில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால் சுவர் முழுக்க வெளிச்சமாகி, மிச்சமுள்ள அட்டைதான் நிழலாகத் தெரியும். அதுவும் ஒரு பாணி, ஆனால் அட்டை நலிந்துவிடும். பெட்டி தன் எடையிலேயே தொய்யும்.

மேலும் கீழும் ஏன் காலியாக விட வேண்டும்? பல்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், கூரை 3 மீட்டரில் என்றால், பல்பு மட்டத்துக்கு மேலே 10 செ.மீ. வரை உள்ளதுதான் சுவரில் விழும். அதற்கு மேலுள்ளது கூரையில் மடங்கிவிடும். கீழே 10 செ.மீ.க்கு அப்பால் உள்ளது கட்டிலிலும் பீரோவிலும் விழும். பயன்படும் பகுதி நடுவில் உள்ள 20 செ.மீ. மட்டுமே.

மடிப்புக் கோட்டை வெட்டுக்கு முன்பே கட்டரின் முதுகால் அழுத்தி இழுத்துவிடுங்கள். வெட்டிய பிறகு மடித்தால் பாலம் கிழியும். ஒவ்வோர் இலையிலும் 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறுக்குப் பாலங்கள், 3 மி.மீ. அகலம். இலையின் கூர் நுனியிலிருந்து ஆரம்பித்து வெளியே இழுங்கள். நுனியை நோக்கி இழுத்தால் கத்தி தாண்டிப்போய் அடுத்த இடத்தைக் கீறும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கட்டரின் நுனியை ஒடித்துப் புது முனைக்கு மாறுங்கள். இரட்டை அட்டையில் மழுங்கிய முனை, அடித்தாளைக் கிழித்து நார் நாராக விடும். அந்த நாரும் சுவரில் பத்து மடங்காகத் தெரியும்.

நான்கு மூலைகளிலும் உள்ளே ஒரு மூங்கில் குச்சியை ஒட்டினால் பெட்டி நிற்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தில் அட்டை தளரும்போது இந்தக் குச்சிதான் தாங்கும். மேலேயும் கீழேயும் மூடக் கூடாது, சூடான காற்று மேலே போக வழி வேண்டும்.

ஹோல்டரைத் தாங்க, நாலு சென்டிமீட்டர் அகல இரட்டை அட்டைப் பட்டைகள் இரண்டைக் கூட்டல் குறியாக ஒட்டி நடுவில் துளை போடுங்கள். தொங்கு ஹோல்டரின் கீழ் வளையம் கழலும். துளையை அதன் கழுத்தை அளந்து வெட்டி, கழுத்தில் மாட்டி வளையத்தைத் திருகினால் கூடு நிற்கும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: கூட்டல் குறியைப் பெட்டியின் மேல் விளிம்பிலேயே ஒட்டிவிடுவார்கள். வளையத்திலிருந்து குச்சிகளின் நடு வரை 8 செ.மீ. இருந்தால், ஒளி பெட்டியின் நடுவைவிட 5.5 செ.மீ. மேலே நிற்கும், இலைகள் எல்லாம் சுவரில் 55 செ.மீ. கீழிறங்கிவிடும். உங்கள் பல்பில் அந்தத் தூரத்தை அளந்து, 13.5 செ.மீ.யிலிருந்து கழித்து, வரும் அளவுக்குக் கூட்டல் குறியை விளிம்பிலிருந்து உள்ளே இறக்கி ஒட்டுங்கள்.

நடுவில் ஃபேன் இருக்கிறதே

பெரும்பாலான அறைகளில் நடு இடம் ஃபேனுடையது. 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனியிலிருந்து சுவர் வரை பத்தடி அறையில் 90 செ.மீ. மிஞ்சும். அங்கே, சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளித் தொங்கவிடலாம். அப்போது அருகில் உள்ள சுவரில் 4 மடங்கு, பக்கச் சுவர்களில் 10 மடங்கு, எதிர்ச் சுவரில் 16 மடங்கு. ஒளியோ தூரத்தின் வர்க்கத்தில் குறையும்: எதிர்ச் சுவர் நான்கு மடங்கு தொலைவில் இருப்பதால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அங்கே. எதிர்ப் பக்க அட்டையில் வெட்டாமலே விட்டுவிடுவது மேல். பக்கச் சுவர்களின் படம் அதனால் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். ஓடவிட்டால் பெட்டி ஆடும், ஒரு பாகை திரும்பினாலே சுவரில் இலை இரண்டரை செ.மீ. நகரும். மெல்ல நகர்வது சிலருக்குப் பிடிக்கும், கிறுகிறுப்பு வருபவர்களும் உண்டு.

அணைக்க முடியாத வீட்டில் சிப் பெட்டியே வசதி. 20 செ.மீ. சதுரமும் 15 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி, அடியில் எல்இடி, மேலே மூடி. ஸ்டூலில் ஃபேனுக்கு அடியில் இல்லாமல் ஓரமாக வையுங்கள். கூரை எல்இடியிலிருந்து 250 செ.மீ. என்றால் பெருக்கம் பதினாறு, பதினேழு மடங்கு. மூடியில் 12 செ.மீ. அகலக் கோலம் கூரையில் இரண்டு மீட்டராகும். கோடுகள் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

புள்ளிகளால் மட்டும் ஆன கோலத்துக்குத் தொல்லை இல்லை. சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே சுற்றி மூடிக்கொள்வதால், வெட்டியதும் நடுவில் உள்ள துண்டுகள் எல்லாம் கையோடு உதிரும். சிப் ஒளியில் பாலம் விட்டாலும் அது அப்படியே கூரையில் தெரியும். இதற்கு ஓஎச்பி ஷீட் எனப்படும் தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும். கோலத்தை முதலில் ஷீட்டின் அடியில் வைத்து, கறுப்பு சார்ட்டில் வெட்டிய துண்டுகளைப் பசைக் குச்சியால் அதன்மேல் ஒட்டிக்கொண்டே வாருங்கள்; பாலமே தேவையில்லை. பசை துண்டின் விளிம்பைத் தாண்டினால் ஷீட்டில் படலமாகி, கூரையில் மேகம்போல் தெரியும். ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் ஷீட்டில் கீறல் விழும், கீறலும் கோலத்தில் ஒரு கோடாகச் சேர்ந்துகொள்ளும்.